வகீஹுக்காக உறைய வைத்திருந்த அரை மில்லி

வகீஹ் இஸ்கந்தரைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய உறைபெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தின் ஹார்மோன் மேசைக்குப் பின்னால் அது நிற்கிறது. அதற்குள் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் பரிசோதனை முடிந்து மிஞ்சிய குழந்தைகளின் சீரம், சின்னச் சின்னக் குழாய்களில். பெயர் வைக்காத குழந்தைகள் என்பதால் தாயின் பெயர்தான் எழுதியிருக்கும்: ஸனியாவின் மகள், ஹிக்மத்தின் மகன். கதவில் அவன் கையெழுத்தில் ஒரு தாள்: "மிச்சத்தைக் கொட்டுகிறவர் கை முறியட்டும்."

நான் இந்த ஆய்வகத்துக்குத் தலைவி, மாணவர்களுக்குப் பாடமும் எடுப்பவள், டாக்டர் இன்ஷிராஹ். அந்தத் தாளைக் கிழி என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! "இடமில்லை வகீஹ், இது என்ன உன் வீட்டு ஊறுகாய்ப் பரணா?" என்று கத்துவேன். அவன் நூறு மில்லி பீக்கரில் நாலு கரண்டி சர்க்கரை போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே, "இருக்கட்டும் டாக்டரம்மா, அது உங்ககிட்ட சோறா கேக்குது?" என்பான். பீக்கரில் குடிக்காதே என்பதையும் இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன்.

டாக்டரம்மா என்று அவன் சொல்வதில் ஒரு குத்தல் இருக்கும். ஏனென்றால் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். நான் டாக்டர் ஆனேன். அவன் ஆகவில்லை. உயிர்வேதியியல் வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றான், இரண்டு முறையும் ஒரே கேள்வியில். கொலஸ்ட்ராலிலிருந்து ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் உண்டாகும் வரை படிப்படியாகச் சொல். இரண்டாம் முறை கதவுக்கு வெளியே அடுத்த ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். வகீஹ் கடகடவென்று கார்ட்டிகோஸ்டீரோன் வரை வந்தான். பிறகு சத்தமே இல்லை. "அப்புறம்?" என்றார் தேர்வாளர். அப்புறம் ஒன்றும் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்தவன் என்னைப் பார்த்து, "கடைசிப் படியில வழுக்கிட்டேன்," என்று சிரித்தான். அவனுடைய அப்பா தையல்காரர், மூன்றாவது முறைக்கு அவரிடம் தெம்பு இல்லை. அவன் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தான். அதே பாதையைப் பிறகு எத்தனை ஆயிரம் முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டானோ தெரியாது. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மாணவர்களே, குறித்துக்கொள்ளுங்கள், என் வாயால் இன்னொரு முறை வராது.

அந்த வசந்தத்தில் வகீஹ் அக்கா மகளின் திருமணத்துக்கு தெற்கே மின்யா ஊருக்குப் போனான். ஒரு வாரம் ஹார்மோன் மேசையை நானே பார்த்தேன். இரண்டாம் நாள் வார்டிலிருந்து ஒரு குழாய் வந்தது: ரத்தீபாவின் மகன். பத்தொன்பது நாள் குழந்தை, நாலு வாரம் முன்னதாகப் பிறந்தவன். ஓயாத வாந்தி, எடை ஏறவில்லை. சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டியது 118, ஆறுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.4. உப்பு உடம்பில் தங்காமல் சிறுநீரில் ஓடுகிறது, சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ள மறுக்கிறது. அட்ரீனல் சுரப்பியில் எங்கோ ஒரு நொதி படுத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். ரத்தீபாவுக்கு இதற்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்து, இதே வாந்தியில் இருபத்தாறாம் நாள் போய்விட்டதாம். கணவன் அவளுடைய சித்தப்பா மகன், பரம்பரைக் குறை இரு பக்கமிருந்தும் வரக்கூடிய இரத்த உறவு.

வார்டு டாக்டர் லுத்ஃபி கேட்டது 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டெரோன். நான் அளந்தேன். ஒன்று, இரண்டு, கூடிப்போனால் மூன்று இருக்க வேண்டியது, இருபத்திரண்டு காட்டியது. 21-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நொதிதான் 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டெரோனை அடுத்த படிக்குத் தள்ளுவது. அது இல்லையென்றால் சரக்கு அங்கேயே குவியும். எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற வியாதி. மிச்ச சீரத்தை, கை முறிய வேண்டாமே என்று திட்டிக்கொண்டே ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்தேன். அரை மில்லிதான் இருந்தது.

ஐந்து நாள் கழித்து வகீஹ் கல்யாணக் களையோடு வந்தான். கைப்பையை வைக்கும் முன்பே பதிவேட்டைப் புரட்டினான்.

"ரத்தீபாவோட மகன், இருபத்திரண்டு. இது ஈத்தர்ல பிரிச்சு எடுத்ததா, நேரா வெச்சதா?"

பெரியவர்களின் சீரத்தை நேராகவே கருவியில் வைக்கலாம். பிறந்த குழந்தைக்கு அது ஆகாது. கருவிலிருந்த அட்ரீனல் விட்டுப்போன ஸ்டீராய்டுகள், முக்கியமாக 17-ஹைட்ராக்சிபிரெக்னெனலோன் சல்ஃபேட், இன்னும் அந்த இரத்தத்தில் திரியும். குறை மாதக் குழந்தையென்றால் கூடுதலாகவே திரியும். கருவியிலுள்ள எதிர்ப்பொருளுக்கு இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, இதையும் சேர்த்து எண்ணிவிடும். அதனால்தான் முதலில் சீரத்தை ஈத்தரோடு குலுக்க வேண்டும். நமக்கு வேண்டியது ஈத்தருக்குப் போய்விடும், சல்ஃபேட் தண்ணீரிலேயே தங்கிவிடும். இதை நான் பதினைந்து வருடமாக வகுப்பில் சொல்கிறேன்.

"நேரா வெச்சேன்," என்றேன்.

கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் திருப்பிக் கத்தியாவது இருப்பேன். அவன் நேராகப் போய் உறைபெட்டியைத் திறந்தான்.

ஈத்தரில் பிரித்து மறுபடி அளந்தபோது இரண்டரை. அதே பிரித்தெடுத்த திரவத்தில் கார்ட்டிசாலையும் பார்த்தான். முப்பத்துநாலு! நோயில் துடிக்கிற குழந்தைக்கு ஆரோக்கியமான சுரப்பி எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவு. அந்தக் குழாய், கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை வார்டில் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த இரத்தம். வெளியிலிருந்து போன மருந்து அதில் ஒரு துளிகூட இல்லை.

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். நான் ஓடி எத்தனை காலமாயிற்று!

டாக்டர் லுத்ஃபி நல்லவன், ஆனால் வீம்பன். குழந்தையின் கட்டில் அருகே கோப்போடு நின்றிருந்தான். உப்பு நீர் ஏற்றியவரை சோடியம் 127 வரை போனதாம். சொட்டைக் குறைத்ததும் 121-க்கு இறங்கிவிட்டது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை நாளை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொன்னான். உப்பைப் பிடித்து நிறுத்தும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை மூன்று வாரமாக மருந்தகத்தில் இல்லை.

"ஹைட்ரோகார்ட்டிசோன் ஜாஸ்தி குடுத்தா அதுவே கொஞ்சம் உப்பைப் பிடிக்குமில்ல மேடம்? வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

ரத்தீபா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தான் அவள் மகன் நூஹ். ஆயுள் முழுக்க கார்ட்டிசோன், காய்ச்சல் வந்தாலே ஊசி, வளர்த்தியும் குறையலாம் என்று லுத்ஃபி அவளிடம் சொல்லியிருக்கிறான். எல்லாம் என் கையெழுத்தை நம்பி. இன்று குழந்தைக்கு இருபத்துநாலாம் நாள். அந்தப் பெண் குழந்தை இருபத்தாறில் போனது. ரத்தீபா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என் ரிப்போர்ட் தப்பு லுத்ஃபி," என்றேன். சொல்லிவிட்டேன்.

"எண்ணு தப்பா இருக்கலாம் மேடம். உப்பு போறது தப்பில்லையே. இருபத்தொண்ணு இல்லைன்னு எப்படி சொல்றது?"

அப்போது வகீஹ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு ரத்தீபாவின் பக்கம் குனிந்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். போயிட்ட பாப்பா... பொண்ணுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

பதில் ரத்தீபாவுக்குப் பின்னால் நின்ற நாத்தனாரிடமிருந்து வந்தது. நபவிய்யா என்று பெயர், செங்கல் சூளை வாசலில் அவித்த மொச்சை விற்கிறவள், குரல் வார்டின் மறுகோடி வரை எட்டும்.

"என்னய்யா கேள்வி இது? வெக்கமா இல்ல? பொண்ணுன்னா பொண்ணு!"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பாத்ததும் பொண்ணுன்னு தெரிஞ்சுதா, இல்ல பையனோ பொண்ணோன்னு யாராவது ஒரு நிமிஷம் யோசிச்சாங்களா? இந்தப் புள்ளைக்காகத்தான் கேக்கறேன்."

நபவிய்யா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "ஏழாம் நாள் சுபூச் சடங்குக்குக் குளிப்பாட்டி, சல்லடையில படுக்க வெச்சதே நான்தான். முழுப் பொண்ணு. ஒரு குறை கிடையாது, ஒரு சந்தேகம் கிடையாது. நிலாத் துண்டு மாதிரி இருந்தா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உடைந்தது.

"போதும் அக்கா. கடவுள் உங்களுக்கு ஆயுசு குடுக்கட்டும்," என்றான் வகீஹ். லுத்ஃபியின் கையிலிருந்த எக்ஸ்ரே உறையை வாங்கித் திருப்பிப் போட்டான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"டாக்டர், நான் அஞ்சாம் மாடியில குடியிருக்கேன். தண்ணி வரலைன்னா குழாயை உடைக்க மாட்டேன். எந்த மாடி வரைக்கும் வருதுன்னு ஒவ்வொரு கதவாத் தட்டிக் கேப்பேன். இங்கயும் அதையே செய்வோம்."

மேலே கொலஸ்ட்ரால் என்று எழுதினான்.

"ஸ்டார் புரதம் இதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள தூக்கிட்டுப் போகுது. உள்ள சிஒய்பி11ஏ1, பக்கச் சங்கிலியை வெட்டற நொதி. இருபத்தேழு கார்பன்ல ஆறை வெட்டித் தள்ளினா பிரெக்னெனலோன். இந்த ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் கீழ ஒண்ணுமே வராது. நம்ம பையனுக்குக் கார்ட்டிசால் முப்பத்துநாலு. அப்ப இது ரெண்டும் நல்லா இருக்கு."

இரண்டு படிகளுக்கும் சரி போட்டான். லுத்ஃபி குனிந்து பார்த்தான்.

"சுரப்பியில கார்ட்டிசால் செய்யற நடுப் பட்டைக்கு வாங்க. சிஒய்பி17ஏ1, பதினேழாம் கார்பன்ல ஒரு ஹைட்ராக்சில் ஒட்டுது, 17-ஹைட்ராக்சிபிரெக்னெனலோன். 3-பீட்டா-ஹெச்எஸ்டி அதோட இரட்டைப் பிணைப்பை நகர்த்தி 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டெரோன் ஆக்குது. சிஒய்பி21ஏ2, நீங்க சந்தேகப்படற ஆள், இருபத்தொண்ணாம் கார்பன்ல ஒட்டி 11-டீஆக்சிகார்ட்டிசால். மறுபடி மைட்டோகாண்ட்ரியா. அங்க சிஒய்பி11பி1, பதினோராம் கார்பன், கார்ட்டிசால். முப்பத்துநாலு வந்து சேர்ந்திருக்குன்னா இந்த நாலு பேரும் வேலைக்கு வந்திருக்காங்க."

"இருபத்தொண்ணு பாதி வேலை செஞ்சா?" லுத்ஃபி விடவில்லை.

"பாதி செஞ்சா கார்ட்டிசால் இவ்வளவு ஏறாது. 17-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டெரோன் இரண்டரையிலயும் நிக்காது. இப்ப உள் பட்டை. அதே சிஒய்பி17ஏ1 அங்க ரெண்டாவது வேலையும் பாக்குது. பதினேழுக்கும் இருபதுக்கும் நடுவுல வெட்டுது, டிஎச்இஏ. அதுல பாதிக்கு மேல சல்ஃபேட் ஒட்டிக்கிட்டுப் போயிடும். மிச்சத்தை 3-பீட்டா-ஹெச்எஸ்டி ஆண்ட்ரோஸ்டீன்டையோன் ஆக்கும், 17-பீட்டா-ஹெச்எஸ்டி கொஞ்சத்தை டெஸ்டோஸ்டீரோனாவே மாத்தும். இருபத்தொண்ணு அடைச்சிருந்தா குவியற சரக்கெல்லாம் இந்தப் பக்கம்தான் வழியும், ஆண் ஹார்மோன் பெருகும். அந்த அக்கா குளிப்பாட்டின பொண்ணு வயித்துக்குள்ளயே அதுல ஊறியிருப்பா. பொறந்தப்போ பையனோன்னு பாத்திருப்பாங்க. யாரும் அப்படிப் பாக்கல. இவன் பையன், இவன் உடம்பைப் பாத்து இதைச் சொல்லவே முடியாது. போயிட்ட இவன் அக்காதான் சாட்சி."

லுத்ஃபி நிமிர்ந்து நபவிய்யாவைப் பார்த்தான். பிறகு மெல்ல, "அப்ப மிச்சம் வெளிப் பட்டை," என்றான்.

"ஆமா. அங்க சிஒய்பி17ஏ1 கிடையாது. அதனால பிரெக்னெனலோன் நேரா வருது. 3-பீட்டா-ஹெச்எஸ்டி, புரோஜெஸ்டெரோன். சிஒய்பி21ஏ2, டீஆக்சிகார்ட்டிகோஸ்டீரோன். ரெண்டும் நடுப் பட்டையில விசாரிச்சு விட்ட ஆளுங்கதான். அப்புறம் சிஒய்பி11பி2. அதுக்கு மூணு வேலை. பதினொண்ணுல ஹைட்ராக்சில், கார்ட்டிகோஸ்டீரோன்..."

பேனா நின்றது.

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் கதவு, அந்த நிசப்தம். வாய் திறந்து சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"பதினெட்டுல ஹைட்ராக்சில், 18-ஹைட்ராக்சிகார்ட்டிகோஸ்டீரோன்," என்றான் வகீஹ், என்னைப் பார்த்தபடி. "அதே பதினெட்டுல இன்னொரு ஆக்சிஜனேற்றம், ஆல்டோஸ்டீரோன். இவன் கடைசிப் படியில வழுக்கியிருக்கான் டாக்டர். கார்ட்டிசாலுக்கு இவன் ஏழையில்ல. ஊசியை இரட்டிப்பாக்கி என்ன பண்ண? இவனுக்கு இல்லாதது, உப்பைப் பிடிச்சு நிறுத்தற ஆல்டோஸ்டீரோன் ஒண்ணுதான்."

லுத்ஃபி உறையைத் தன் கோப்புக்குள் செருகினான். "கெய்ரோவுக்கு ரத்தம் அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்த மாட்டேன். ஏத்தவும் மாட்டேன்," என்றான். "ஆனா மாத்திரைக்கு எங்க போறது? ஊர் முழுக்கத் தேடியாச்சு."

இதற்கு வழி என்னிடம் இருந்தது, கடவுளுக்கு நன்றி. அட்ரீனல் வியாதிக் குழந்தைகளின் தாய்மார்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருத்திக்குத் தீர்ந்தால் இன்னொருத்தி கொடுப்பாள். முடிவுகளைக் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று அவர்களை நான் திட்டாத நாளில்லை. அன்று நானே அந்தக் குழுவில் கெஞ்சி எழுதினேன். பத்து நிமிடத்தில் தமன்ஹூரிலிருந்து ஒருத்தி பதில் போட்டாள்: "ரெண்டு அட்டை இருக்கு டாக்டரம்மா. மைக்ரோபஸ் டிரைவர்கிட்ட குடுத்து விடறேன், வண்டி நம்பர் அனுப்பறேன்." மதியத் தொழுகைக்கு முன் வகீஹ் பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றான். டிரைவர் கூலி வாங்க மறுத்துவிட்டானாம்.

மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள், கூடவே உணவு உப்பும். மறுநாள் சோடியம் 125. அதற்கு மறுநாள், இருபத்தாறாம் நாள், 130. அன்று காலை இரத்தக் குழாயை வார்டிலிருந்து நானே வாங்கி வந்தேன், நானே அளந்தேன், இரண்டு முறை அளந்தேன். மாடியேறிப் போய் ரத்தீபாவிடம் சொன்னேன். அவள் மடித்து வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். பிறகு அப்படியே கட்டில் காலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கெய்ரோ முடிவு மூன்றாம் வாரம் வந்தது. ரெனின் உச்சத்தில், ஆல்டோஸ்டீரோன் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில், 18-ஹைட்ராக்சிகார்ட்டிகோஸ்டீரோன் மட்டும் மலையாய்க் குவிந்து. மூன்று வேலைக்காரனான அந்த நொதி, மூன்றாவது வேலையில்தான் படுத்திருந்தது. லுத்ஃபி ஹைட்ரோகார்ட்டிசோனைப் படிப்படியாகக் குறைத்து, சுரப்பியைச் சோதித்துவிட்டு நிறுத்தினான். மாத்திரையும் உப்பும் மட்டும் தொடர்ந்தன. வளர வளர அவற்றின் தேவையும் குறையும் என்று அவனே ரத்தீபாவிடம் சொன்னான். ஊசி இல்லை, காய்ச்சலுக்குப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. "எல்லாப் பசங்களையும் போல வளருவானா?" என்று அவள் நாலு முறை கேட்டாள். நாலு முறையும் ஆமாம் என்றான். வீம்பனுக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று எனக்குத் தெரியாது.

நூஹுக்கு ஏழாம் நாளில் நடக்க வேண்டிய சுபூ நடக்கவே இல்லை. அதை ஐம்பதாம் நாளில் எங்கள் வெளிநோயாளிகள் கூடத்தில் நடத்திவிட்டார்கள். அனுமதி கேட்டார்களா? நபவிய்யாவா கேட்பாள்? சல்லடையில் குழந்தையைப் படுக்கவைத்து, காதோரம் பித்தளை உரலை இடித்து, "அம்மா பேச்சைக் கேளுடா! அப்பா பேச்சைக் கேக்காதடா! ஆய்வக மாமா பேச்சைக் கேளுடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்தான். அவன் கையிலும் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைத் திணித்தாள். வகீஹ் கிறிஸ்தவன், அவனுக்கு அது நோன்புக் காலம், பால் சேர்ந்ததைத் தொடமாட்டான். அவனுக்கென்று சர்க்கரைக் கடலையைத் தனியாகக் கட்டி வைத்திருந்தாள்.

கடைசியில் கண்ணேறு கழிக்க உப்பைத் தூவ வேண்டும். நபவிய்யா கை நிறைய அள்ளி ஓங்கினாள். ரத்தீபா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தரையில போடாத அண்ணி! அது என் புள்ளைக்கு வேணும்."

கூடம் சிரித்தது. நபவிய்யா சிரித்தாள், உப்பை ஒரு மணி சிந்தாமல் கிண்ணத்தில் திருப்பிப் போட்டாள். நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன், மாணவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. வகீஹ் பக்கத்தில் நின்று கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"வகீஹ், அந்தக் கேள்விக்கு இப்ப நான் பாஸ் போடறேன்," என்றேன்.

"மார்க் வேணாம் டாக்டரம்மா," என்றான். "இன்னொரு உறைபெட்டி வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தேன். அதன் கதவிலும் அதே தாளை ஒட்டினான். இந்த முறை பசையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.